சிங்கப்பூர் கம்பனி, வேலை திருகோணமலை வீட்டில்: வரி எங்கே?

"கம்பனி சிங்கப்பூரில். நான் திருகோணமலையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், மாதம் 2,30,000 ரூபாய் அளவு வருகிறது. அங்கே வரி இல்லை என்கிறார்கள். இங்கே கட்ட வேண்டுமா? சேமலாப நிதியும் இல்லை."

கட்ட வேண்டும் தம்பி. சம்பள வரிக்குக் கம்பனியின் முகவரியை விட நீங்கள் இருந்து வேலை செய்யும் இடம்தான் முக்கியம். அங்கே வரி இல்லை என்பதும் அதனால்தான்.

2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரிவிலக்கு. உங்கள் ஆண்டு வருமானம் 27,60,000; மிஞ்சும் 9,60,000க்கு 6 வீதம், அதாவது 57,600 ரூபாய். இங்கே பதிவில்லாத கம்பனி சம்பளத்தில் வரியைக் கழிக்காது. பலர் சிக்குவது இங்கேதான். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து, ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிக்குள் 14,400 வீதம் நீங்களே கட்டுங்கள். விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். பணம் வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்ததற்கான சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சேமலாப நிதிக்கு முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்றிருந்தால் கம்பனி அதைக் காட்டியே கைவிரிக்கும். ஊழியர் என்றிருந்தால், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் மூலம் உங்களை அமர்த்தச் சொல்லிக் கேளுங்கள். அப்போது அந்த நிறுவனம் சேமலாபத்துக்கு 12, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போட வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழியும்.