மைல்ஸ்டோனுக்குப் பூஜ்ஜியம் போட்டால் அந்தப் பத்து நாள் எங்கே போகும்?

கேள்வி: பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருக்கிறோம். திட்ட அட்டவணையில் ‘தரவு மாற்றம்’ என்பதை மைல்ஸ்டோனாகப் போட்டு 10 நாள் கொடுத்திருந்தேன். அது பல நாளாக 80 சதவீதத்திலேயே நிற்கிறது. மேலாளர், “மைல்ஸ்டோனுக்கு நாள் கணக்கே கிடையாது, பூஜ்ஜியம் போடுங்கள்” என்கிறார். பூஜ்ஜியம் போட்டால் அந்த 10 நாள் வேலை எங்கே போகும்? வேலைக்கும் மைல்ஸ்டோனுக்கும் என்னதான் வித்தியாசம்?

பதில்: அந்த வேலை எங்கும் போகாது. மைல்ஸ்டோனுக்கு முன்னால், தனித்தனி வரிகளாக வந்து உட்காரும். உங்கள் மேலாளர் சொல்வது சரிதான். ஆனால் 10 என்ற எண்ணை 0 என்று மாற்றுவதோடு நிறுத்திவிட்டால் அட்டவணை இன்னும் மோசமாகும். 10 நாள் உழைப்பு கணக்கிலிருந்தே காணாமல் போய், திட்டம் 10 நாள் முன்னதாக முடிவதாகக் காட்டும்.

வேலை என்றால் அதை யாரோ செய்கிறார்கள். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பாதியில் நிற்கவும் அதனால் முடியும். மைல்ஸ்டோனை யாரும் செய்வதில்லை. வேலைகளெல்லாம் முடிந்ததும் திட்டம் ஒரு நிலையை எட்டுகிறது; எட்டிய அந்தக் கணத்தைத்தான் அட்டவணையில் குறிக்கிறோம். அந்தக் கணத்துக்கு முன்பு எட்டவில்லை, பின்பு எட்டிவிட்டோம். நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லாததற்கு எத்தனை நாள் கொடுப்பீர்கள்? அதனால்தான் பூஜ்ஜியம். அதன் சதவீதமும் 0 அல்லது 100, இரண்டில் ஒன்றுதான். ‘80 சதவீத மைல்ஸ்டோன்’ என்று ஒன்று உங்கள் அறிக்கையில் இருந்தால், அந்த வரிக்குள் வேலை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வரி மைல்ஸ்டோனா வேலையா என்று குழப்பம் வந்தால் நான் சொல்லித்தரும் சோதனை இது. அந்த வரியை நீக்கிவிட்டு, அதற்கு முன்னால் இருப்பவற்றை நேராகப் பின்னால் இருப்பவற்றோடு இணைத்துப் பாருங்கள். திட்டத்தின் முடிவு நாள் நகரவில்லையென்றால் அது உண்மையான மைல்ஸ்டோனாக இருக்கலாம். நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம், அது வேலை. உங்கள் ‘தரவு மாற்றம்’ வரியை நீக்கினால், பின்னால் உள்ள வேலைகள் அதை மட்டுமே நம்பியிருக்கும் பட்சத்தில், முடிவு நாள் 10 நாள் முன்னால் வந்துவிடும். உண்மையான மைல்ஸ்டோன்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், எடுக்கலாம், கூட்டுத்தொகை மாறாது.

சரி, உங்கள் வரியைப் பிரித்துப் பார்ப்போம். எண்களை உதாரணத்துக்கு நானே வைத்துக்கொள்கிறேன். பழைய மென்பொருளிலிருந்து தரவை எடுக்க 3 நாள். இரட்டைப் பதிவுகளையும் விடுபட்ட புலங்களையும் சுத்தம் செய்ய 4 நாள். புதியதில் ஏற்ற 1 நாள். இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க 2 நாள். ஆக மொத்தம் 10. கணக்கு அழகாகப் பொருந்துகிறது, நீங்களும் இப்படித்தான் கூட்டியிருப்பீர்கள்.

இப்போது கடைசியில் ஒரு பூஜ்ஜிய நாள் வரியைச் சேர்த்து, அதற்கு ‘மாற்றிய தரவை நிதிப் பிரிவு ஏற்றுக்கொண்டது’ என்று பெயர் வையுங்கள். வைத்த உடனே ஒரு கேள்வி வரும்: ஒப்பீடு முடிந்த அதே நிமிடம் நிதிப் பிரிவு கையெழுத்துப் போட்டுவிடுமா? போடாது. அவர்கள் பார்க்க 3 நாள் வேண்டும். அவர்கள் சொல்லும் பிழைகளைத் திருத்தி, மறுபடி ஏற்றி, காட்டிக் கையெழுத்து வாங்க இன்னும் 2 நாள். அதாவது மைல்ஸ்டோன் 15-ஆம் நாள் மாலை விழுகிறது, 10-ஆம் நாள் அல்ல. பயனர் பயிற்சியை 11-ஆம் நாள் தொடங்குவதாக நீங்கள் போட்டிருந்தால், அது உண்மையில் 16-ஆம் நாள்தான் தொடங்க முடியும்.

அந்த 5 நாள் புதிதாக முளைத்த தாமதம் இல்லை, முதலிலிருந்தே இருந்ததுதான். எல்லாம் ‘தரவு மாற்றம்’ என்ற ஒரே பொதுப் பெயருக்குள் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் 80 சதவீதமும் அநேகமாக இங்கேதான் சிக்கியிருக்கும்: புரோகிராமர் தன் பங்கு முடிந்துவிட்டது என்கிறார், நிதிப் பிரிவோ இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இருவரிடமும் கேட்டால் இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள். அனுமதிக்காகக் காத்திருப்பது, மறுபார்வை, திருத்தம் எல்லாமே நாள் பிடிக்கிற வேலைகள். அவற்றுக்குத் தனி வரி, தனிப் பொறுப்பாளர், தனி நாள் கணக்கு கொடுக்க வேண்டும்.

அடுத்தது முடிவுச் சோதனை. என் பார்வையில் பூஜ்ஜிய நாள் விதியைவிட இதுதான் பெரியது, பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ‘தரவு மாற்றம் முடிந்தது’ என்று பெயரை மட்டும் மாற்றினால் போதாது. முடிந்ததா இல்லையா என்று இரண்டு பேர் தனித்தனியே பார்த்தாலும் ஒரே பதில் வர வேண்டும். அப்படி வராவிட்டால் நீங்கள் எழுதியது வெறும் ஆசை.

உங்கள் விஷயத்தில் அந்தச் சோதனை இப்படி இருக்கலாம். பழைய மென்பொருளில் 42,600 வாடிக்கையாளர் பதிவுகள் இருந்தன என்று வையுங்கள். புதியதில் ஏறியவற்றையும், ஏறாமல் ஒதுக்கப்பட்டவற்றையும் கூட்டினால் அதே 42,600 வர வேண்டும். 42,588 ஏறியிருந்தால் மீதி 12-ம் ஒரு பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு இருக்க வேண்டும். பாக்கித் தொகைகளின் கூட்டல் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ‘ஏறக்குறைய’ என்ற பேச்சே இங்கே கூடாது. பதிவுகள் எண்ணிக்கையில் சரியாக இருந்து, தொகை மட்டும் வேறு இடத்தில் போய் விழுந்திருப்பது தரவு மாற்றத்தில் நடக்கிற ஒன்றுதான். அதனால் 50 பதிவுகளை எடுத்து, புலம் புலமாக ஒப்பிட வேண்டும். எந்த 50 என்பதை நிதிப் பிரிவு தேர்ந்தெடுக்கட்டும், ஏற்றிய புரோகிராமர் வேண்டாம். கடைசியாக, இவை எல்லாம் சரி என்று நிதிப் பிரிவுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். இந்த நான்கையும் மைல்ஸ்டோன் வரியின் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கையெழுத்து மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கையெழுத்து, யார் தீர்மானிக்கிறார் என்பதைச் சொல்கிறது. எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார் என்பதைச் சொல்லவில்லை. வெறும் கையெழுத்தை நம்பினால், நெருக்கடி வரும்போது “இப்போதைக்குப் போடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வாங்கிவிடுவார்கள். அளவுகோலை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். 50 பதிவுகளில் 2-இல் மட்டும் தொலைபேசி எண் தவறு என்று வையுங்கள். மைல்ஸ்டோன் எட்டியதா? அன்றைக்கு உட்கார்ந்து விவாதித்தால் தீராது. எந்தப் பிழை இருந்தால் நிறுத்துவது, எது இருந்தாலும் போகலாம் என்பதை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்: தொகை, வாடிக்கையாளர் எண் இரண்டிலும் ஒரு பிழைகூடக் கூடாது, தொடர்பு விவரத்தில் 2 வரை இருக்கலாம், ஆனால் திருத்துவதற்கு ஒரு வேலை வரி போட வேண்டும். ‘நிபந்தனையோடு முடிந்தது’ என்று மட்டும் குறிக்காதீர்கள். அப்படிக் குறித்தால் 80 சதவீதம்தான் வேறு பெயரில் திரும்பி வரும்.

இனி மென்பொருளில் எப்படிச் செய்வது என்று பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் `Duration` பத்தியில் `0` என்று அடித்தாலே அந்த வரி சாய்சதுரக் குறியாக மாறிவிடும். கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு: பணி விவரப் பெட்டியின் `Advanced` பகுதியில் `Mark task as milestone` என்று ஒரு தேர்வு இருக்கிறது. 10 நாள் வேலைக்கும் இதை டிக் செய்யலாம். செய்தால் வேலையின் நீளத்தைக் காட்டும் பட்டை மறைந்து, முடியும் நாளில் சாய்சதுரம் மட்டும் தெரியும், 10 நாள் உள்ளேயே இருக்கும். பார்க்க மைல்ஸ்டோன், உள்ளே வேலை. உங்கள் வரி இப்படித்தான் உருவானதா என்று ஒருமுறை பாருங்கள்.

தேதியை ஆணி அடித்து நிறுத்துவது இன்னொரு தவறு. மைல்ஸ்டோனுக்கு `Must Finish On` என்ற கட்டுப்பாட்டைப் போட்டால், முன்னால் உள்ள வேலைகள் தள்ளிப்போனாலும் இயல்பான அமைப்பில் அது அதே தேதியில் நிற்கும். நிதிப் பிரிவின் மறுபார்வை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மைல்ஸ்டோன் எட்டியதாக வைத்துப் பயிற்சி தொடங்குவதாக அட்டவணை காட்டும். தேதியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அதே `Advanced` பகுதியில் `Deadline` என்ற இடத்தில் கொடுங்கள். மைல்ஸ்டோன் வேலைகளோடு சேர்ந்து நகரும். குறித்த நாளைத் தாண்டினால் சிவப்புக் குறி காட்டும். முன்னதாக முடியவேண்டிய வேலைகளோடு அதை இணைக்க மறக்காதீர்கள், இணைப்பில்லாத மைல்ஸ்டோன் எதற்கும் நகராது.

வெளியாட்களிடமிருந்து வரவேண்டியவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பழைய மென்பொருளின் விற்பனையாளர் தரவு அணுகல் தர வேண்டும் என்றால், அவருடைய வேலைகள் உங்கள் அட்டவணையில் இருக்காது. ‘அணுகல் கிடைத்தது’ என்று ஒரு பூஜ்ஜிய நாள் வரியைப் போட்டு, அவர் ஒப்புக்கொண்ட தேதிக்கு முன் வராதபடி `Start No Earlier Than` கொடுத்து, தரவு எடுக்கும் வேலையை அதோடு இணையுங்கள். அதற்கும் சோதனை எழுதுங்கள்: பயனர் பெயர் வந்ததா என்பதல்ல, அதைக்கொண்டு உள்ளே போய் ஒரு பதிவைப் படிக்க முடிந்ததா என்பதுதான்.

இவற்றைச் செய்தபின் உங்கள் அறிக்கையில் 80 சதவீதம் போய்விடும். அந்த இடத்தில் ஆறு வேலை வரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சதவீதம், கடைசியில் ‘இல்லை’ என்று நிற்கும் ஒரு சாய்சதுரம் இருக்கும். மேலாளர் கேட்டால் “மறுபார்வை நிதிப் பிரிவில் இருக்கிறது, இன்று இரண்டாம் நாள்” என்று பதில் சொல்லலாம்.