பில் கட்டு இடப்பக்கம், வலி வலப்பக்கம்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், வயது 41. பில் கட்டுகளை இடது பக்கம் வைத்துக்கொண்டு லேப்டாப்பில் என்ட்ரி போடுவேன். ஜூலை முழுக்க காலை 9 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரை இதே வேலைதான். வலது தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் வலி, கழுத்தும் பிடித்த மாதிரி இருக்கிறது. வீடியோவில் பார்த்து காதைத் தோள் பக்கம் சாய்த்து இழுக்கிறேன். அப்போதைக்கு இதம், அரை மணி நேரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. சாயங்காலம் எழுந்தால் இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. என்ன ஸ்ட்ரெட்ச் செய்யலாம்? எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா?

பதில்: முதல் வேலையாக, வலிக்கிற வலது பக்கத்தைப் பிடித்து இழுப்பதை இரண்டு வாரத்துக்கு நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்கிற இடத்தில் ஒரு தசை வந்து ஒட்டுகிறது. மேல் கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையில் முடியும். பெயர் லெவேட்டர் ஸ்கேப்புலே. வலப்பக்கம் இருக்கும் இந்தத் தசையை நன்றாக நீட்ட வேண்டுமானால், முகத்தை இடது பக்கம் திருப்பித் தாடையைக் கீழே இறக்க வேண்டும். மேஜையில் இடது பக்கம் கிடக்கும் பில்லை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? முகத்தை இடது பக்கம் திருப்பி, தாடையைக் கீழே இறக்கித்தான். ஆக, வீடியோ பார்த்துச் செய்வதற்கு முன்பே, நாள் முழுக்க அந்தத் தசை நீட்டப்பட்டுத்தான் இருக்கிறது. அது சுருங்கிப்போய் வலிக்கவில்லை. நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் சரியாமல் நீண்ட நிலையிலேயே பிடித்துப் பிடித்துக் களைத்துப்போயிருக்கிறது. களைத்த தசையை இழுத்தால் நரம்புகளுக்குக் கொஞ்ச நேரம் இதமாகத் தெரியும். மறுபடி அதே பில், அதே திருப்பம், அதே வலி.

இது சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தோளை அசைக்காமல் முகத்தை மெதுவாக வலது பக்கம் திருப்புங்கள், அப்புறம் இடது பக்கம். சாதாரணமாகத் தாடை ஏறக்குறைய தோளுக்கு நேரே வர வேண்டும். இந்தத் தசைதான் தொல்லை என்றால் பெரும்பாலும் வலிக்கிற பக்கம் திரும்பும்போதுதான் பிடிக்கும். பைக்கை ரிவர்ஸ் எடுக்கும்போது வலது பக்கம் திரும்ப முடியாமல் உடம்பையே திருப்புகிறீர்களா? அதுவும் இதே கதைதான். சுவரில் எதுவரை பார்வை போகிறது என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

சரி, மேஜைக்கு வருவோம். பில் கட்டை வலது பக்கம் மாற்றலாம் என்றுதான் முதலில் தோன்றும். மாற்றாதீர்கள், சில வாரத்தில் வலி இடது பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். பில் உங்கள் முகத்துக்கு நேரே, சாய்வாக நிற்க வேண்டும். அதற்குக் கடையில் தேட வேண்டியதில்லை. பாராயணத்துக்கு வீட்டில் வியாசப்பலகை வைத்திருப்பார்கள் அல்லவா, அதை எடுத்து லேப்டாப் திரைக்கு ஒட்டினாற்போல வையுங்கள். லேப்டாப்பைப் பழைய லெட்ஜர்கள் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு ஒன்று போட்டுக்கொண்டால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்துவிடும். ஒரு விதிவிலக்கு: நீங்கள் வெள்ளெழுத்துக்கு பைஃபோகல் கண்ணாடி போட்டிருந்தால் திரையைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பாகம் வழியாகப் படிப்பதற்காகத் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பீர்கள், அது வேறு ஒரு வலியைக் கொண்டுவரும்.

இப்போது பயிற்சி. கழுத்துக்கு மூன்று சொல்கிறேன், அதற்கு மேல் சொன்னால் ஜூலையில் யாரும் செய்யப்போவதில்லை.

ஒன்று, தாடையைப் பின்னால் இழுப்பது. குனியக் கூடாது, பார்வை நேராகவே இருக்கட்டும். தாடையைக் கழுத்தை நோக்கிக் கிடைமட்டமாகப் பின்னால் தள்ளுங்கள், பார்க்கிறவர்களுக்கு இரட்டைத் தாடை தெரியும். 5 விநாடி நிறுத்தி விடுங்கள், 8 முதல் 10 முறை. சரியாகச் செய்தால் மண்டையோட்டுக்குக் கீழே, பின்கழுத்தில் இதமான இழுவை தெரியும். தொண்டை அழுந்தினாலோ தலை குனிந்தாலோ முறை தப்பிவிட்டது, சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டிக்கொண்டு செய்து பாருங்கள்.

இரண்டு, இடது பக்கத்துக்கு ஸ்ட்ரெட்ச். நாள் முழுக்க இடது பக்கமே திரும்பியிருப்பதால் அந்தப் பக்கத் தசை குறுகிய நிலையில் கிடக்கிறது, நீட்டல் தேவைப்படுவது அதற்குத்தான். இடது கையால் நாற்காலியின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், தோள் மேலே ஏறாது. முகத்தை வலது பக்கம் பாதி திருப்பி, வலது அக்குளைப் பார்ப்பது போலத் தாடையை இறக்குங்கள். பின்தலையில் வலது கையை வைக்கலாம், அதன் கனமே போதும், இழுக்க வேண்டாம். 20 முதல் 30 விநாடி, இரண்டு முறை. குலுக்கிக் குலுக்கிச் செய்யக் கூடாது. மந்தமான இழுவை இருந்தால் சரி. சுருக்கென்று குத்தினாலோ, விரல் நுனி வரை மின்சாரம் மாதிரி ஓடினாலோ அது தசை இல்லை, நரம்பு. உடனே நிறுத்திவிடுங்கள்.

மூன்று, வலது பக்கத்துக்கு வேலை கொடுப்பது. தலையும் தோளும் நேராக இருக்கும்படி நின்றுகொண்டு, இரண்டு கையிலும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோள்களைக் காது பக்கம் மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்குங்கள். 10 அல்லது 12 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலிக்கிற தசைக்கா பாரம் என்று கேட்பீர்கள். களைப்பைத் தாங்கும் சக்தி பாரத்தால்தான் கூடும், நீட்டலால் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்துத் தூக்குவதால் இடது பக்கமும் ஈடுகொடுக்கும். செய்த மறுநாள் லேசான சோர்வு இருக்கலாம், வலி கூடினால் பாட்டிலைப் பாதி நிரப்புங்கள். இரண்டு வாரம் கழித்து வலது பக்கம் திரும்புவது இலகுவானால், அந்தப் பக்கமும் 20 விநாடி ஸ்ட்ரெட்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

கழுத்தை வட்டமாகச் சுழற்றும் பயிற்சியை நான் யாருக்கும் சொல்வதில்லை. முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துத் திடீரென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை அனுமதிக்கவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று கழுத்து எலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஓடுகிறது. அந்தத் திடீர்த் திருப்பத்தில் அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. சத்தம் கேட்டதும் கிடைக்கும் சுகத்துக்கு அது ரொம்ப அதிக விலை.

இடுப்புக்கு வருகிறேன். நம்மூர் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்னால் சரிந்திருக்கும், நடு முதுகுக்குத்தான் சாய்வு இருக்கும். அதில் உட்கார்ந்ததும் இடுப்பு கூன் போட்டுவிடும். மணிக்கணக்கில் வளைந்தே இருந்தால் முதுகெலும்பைப் பிடித்திருக்கும் நார்களும் டிஸ்க்கும் மெல்ல மெல்ல நெகிழ்ந்துவிடுகின்றன. எழுந்த உடனே அவை பழைய நிலைக்கு வருவதில்லை, அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சாயங்காலம் நிமிர முடியாமல் போவது அதனால்தான். இதில் ஒரு நடைமுறை எச்சரிக்கையும் இருக்கிறது: எழுந்த சூட்டோடு குனிந்து பில் மூட்டையைத் தூக்காதீர்கள். ஆபீஸ் முடிகிற நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் நிறைய பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

எந்தப் பக்கம் வளைந்திருந்தோமோ அதற்கு எதிர்ப்பக்கம் வளைவதுதான் மாற்று. எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் இடுப்புக்குக் கீழே, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, பின்பக்கம் வையுங்கள். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து, ஓரிரு விநாடி நின்று, நேராக வாருங்கள். 5 அல்லது 6 முறை. முதல் தடவை இறுக்கமாகவும் கடைசித் தடவை எளிதாகவும் இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். செய்யச் செய்ய வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நடந்தால் கால் கடுத்து, உட்கார்ந்தால் சரியாகிறவர்களுக்குப் பின்னால் சாய்வது தொல்லையைக் கூட்டும். நாற்காலியில் இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எப்போது செய்வது? அலாரம் வைத்தால் இரண்டு நாளில் அணைத்துவிடுவீர்கள். ஒரு பார்ட்டியின் கட்டு முடிந்தால் எழுந்திருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டு பெரியதாக இருந்தால் பாதியில் ஒரு சீட்டு செருகி வையுங்கள். முப்பது, நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் நின்றால், பின்சாய்வும் தாடை இழுப்பும் அதிலேயே முடிந்துவிடும். இடது பக்க ஸ்ட்ரெட்ச் நாளைக்கு மூன்று வேளை போதும். ராத்திரி வெந்நீர்ப் பை 15 நிமிஷம் வைப்பதில் தப்பில்லை. கழுத்துக் காலர் மாட்டிக்கொண்டு வேலை செய்வது வேண்டாம், ஏற்கெனவே களைத்த தசை இன்னும் பலவீனமாகும்.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, வலியே இல்லாவிட்டாலும், படத்தில் தேய்மானமோ டிஸ்க் பிதுக்கமோ தெரிவது சாதாரணம். அந்த அறிக்கையைப் பார்த்துப் பயந்து கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் வலி நீடிக்கிறது. பில்லை நேரே வைத்து, பயிற்சியும் செய்து, மூன்று வாரத்தில் சுவரில் வைத்த அடையாளம் நகரவில்லையென்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நேரில் பாருங்கள்.

ஆனால் கையில் மரமரப்பு தொடர்ந்து இருந்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, பட்டன் போடத் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் ராத்திரி தூங்கவிடாத வலி வந்தாலோ, பைக்கிலிருந்து விழுந்த பிறகு கழுத்து வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், படம் எடுப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி மரத்துப்போவது இரண்டில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள்.