மதியம் 12 மணிக் கொப்பி: ரான்சம்வேர் பூட்டிய பைல்களைக் காசு கட்டாமல் மீட்பது பற்றிக் கேள்வி பதில்

வெள்ளவத்தை, டியூஷன் ஆசிரியை: அண்ணா, லப்டொப்பில் இருக்கும் எல்லாப் பைலுக்கும் பின்னால் ஏதோ நாலு எழுத்து வந்துவிட்டது, ஒன்றும் திறக்குதில்லை. ஒவ்வொரு போல்டரிலும் `_readme.txt` என்று ஒன்று கிடக்கிறது. பைல்களின் பழைய நிலையை விண்டோஸ் எடுத்துவைக்கும் ஷடோ கொப்பியில் இருந்து எடுக்கலாம் என்று தங்கை சொல்கிறாள். எடுக்கலாமா?

டீச்சர், முதலில் வைஃபையை நிறுத்தி லப்டொப்பை அணையுங்கள். அப்படியே திரும்பத் திறக்க வேண்டாம். இந்த வகை வைரஸ் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மறுபடி ஓடும்படி விண்டோஸில் ஒரு வேலையைப் பதிந்துவைக்கும். நீங்கள் புதிதாகப் போடும் பைலும் போய்விடும்.

டிஸ்கைக் கழற்றி வேறொரு சுத்தமான கணினியில் செருகச் சொல்லுங்கள். அதிலுள்ள பைல் எதையும் சொடுக்கித் திறக்கக் கூடாது. பிறகு நிர்வாகி உரிமையோடு திறந்த Command Prompt கறுப்புத் திரையில் இதைத் தட்டினால் போதும்:

```
vssadmin list shadows
```

உள்ளதைச் சொன்னால், வீட்டுக் கணினியில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பூட்டும் வைரஸ்கள் ஷடோ கொப்பிகளையும் தேடி அழிக்கின்றன. ஆனால் அப்படி அழிக்க நிர்வாகி உரிமை வேண்டும். அன்றைக்குத் திரையில் Yes, No கேட்கும் பெட்டி வந்ததா? No அழுத்தியிருந்தால் கொப்பிகள் தப்பியிருக்க இடம் உண்டு. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை, ஐடி படிக்கும் மாணவன்: அண்ணா, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? System Restore செய்து போன கிழமைக்குப் போனால் எல்லாம் திரும்ப வந்துவிடும்தானே?

பாதி சரி தம்பி. System Restore நிற்பதும் இதே ஷடோ கொப்பிகளின் மேல்தான். ஆனால் அது திருப்பி வைப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளையும் அமைப்புகளையும். டீச்சரின் வினாத்தாளையோ கலியாணப் படத்தையோ அது தொடாது. அதோடு அதை ஓட்டினால் டிஸ்கில் நிறைய எழுதப்படும், அந்த எழுத்தே பழைய கொப்பியைத் தள்ளிவிடலாம். போல்டரின் Properties இல் Previous Versions என்று இருக்கிறதே, அந்தப் பக்கம்தான் நீங்கள் தேடுவது.

கெய்சர் வீதி, இறக்குமதிக் கந்தோர் ஒன்றின் கணக்காளர்: எங்கள் சேர்வரில் பொதுப் போல்டர் ஒன்றை ஐந்து பேர் பாவிக்கிறோம். ஒருவரின் கணினியில் வைரஸ் வந்தால் சேர்வரில் உள்ளதும் போய்விடுமா? போனால் எப்படி எடுப்பது?

இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் காசு கட்டாமல் தப்புவதற்கு ஆகக்கூடிய வாய்ப்பு இந்த நிலைமையில்தான். வைரஸ் ஓடுவது உங்கள் மேசைக் கணினியில். பொதுப் போல்டரை உங்களுக்குக் காட்டும் Z: டிரைவ் வழியாக அது சேர்வரில் உள்ள பைல்களைப் பூட்டும். ஆனால் சேர்வரின் ஷடோ கொப்பிகளை அழிக்கும் உரிமை அந்த மேசைக் கணினிக்கு இல்லை. வைரஸ் சேர்வருக்குள்ளேயே புகுந்துவிட்டாலோ, நீங்கள் அன்றாட வேலைக்கே நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பாவித்தாலோ இந்தக் கதை எடுபடாது.

உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு கந்தோரில் நடந்தது. செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 2.40 அளவில் கணக்குப் பிள்ளை ஒருவர் மின்னஞ்சலில் வந்த விலைச்சிட்டையைத் திறந்தார். மூன்று மணி போல Z: இல் பைல்களின் பெயர்கள் கண்முன்னே மாறத் தொடங்கின. எனக்கு அழைப்பு வந்தபோது, அவரின் கணினியிலும் சேர்வரிலும் நெட்வேர்க் வயரைப் பிடுங்கச் சொன்னேன். சேர்வரை அணைக்க வேண்டாம் என்றேன்.

போய் முதலில் பார்த்தது, சேர்வருக்கே தொற்றியிருக்கிறதா என்று. அந்தப் பிள்ளைக்கு எழுதும் உரிமை இருந்த போல்டர்கள் மட்டும்தான் பூட்டப்பட்டிருந்தன. வாசிக்க மட்டும் உரிமை இருந்த சம்பளப் போல்டர் அப்படியே இருந்தது. சேர்வரின் C: இல் மிரட்டல் கடிதம் எதுவும் இல்லை, பதிவேட்டில் தெரியாத ஆள் உள்ளே வந்த தடயமும் இல்லை. சரி, வெளியிலிருந்துதான் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது.

விண்டோஸ் சேர்வரில் ஷடோ கொப்பியை இயக்கினால் அது தானாக வைத்திருக்கும் நேரம் வேலைநாட்களில் காலை 7 மணியும் மதியம் 12 மணியும். அங்கே இரண்டு கிழமைக்கு மேற்பட்ட கொப்பிகள் இருந்திருக்க வேண்டும். பட்டியலில் ஒன்றே ஒன்று: செவ்வாய் மதியம். மற்றவற்றை யாரும் அழிக்கவில்லை. ஷடோ கொப்பி என்பது முழுப் பிரதி அல்ல. டிஸ்கில் ஒரு இடத்தின் மேல் எழுத வரும்போது அங்கே இருந்த பழையதை ஒதுக்கிடத்துக்கு மாற்றிவைப்பதுதான் அதன் வேலை. அந்த டிஸ்க் 500 ஜிபி, ஒதுக்கிடம் அதில் பத்து வீதம், அதாவது 50 ஜிபி. வைரஸ் மேலேயே எழுதியது 38 ஜிபி. ஒதுக்கிடம் நிரம்ப நிரம்ப விண்டோஸே பழைய கொப்பிகளை ஒவ்வொன்றாக வீசிவிட்டது. இன்னும் அரை மணித்தியாலம் ஓடியிருந்தால் மதியக் கொப்பியும் போயிருக்கும்.

இதனால்தான், மீட்கும் பைல்களை அதே டிஸ்கில் திருப்பிப் போடக் கூடாது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஜிபியும் அந்த ஒதுக்கிடத்தை நிரப்பும், பாதியில் கொப்பியே மறைந்துவிடும். நான் புதிய வெளி டிஸ்க் ஒன்றை E: ஆகப் போட்டு இப்படி எடுத்தேன்:

```
mklink /d C:\palaya \\?\GLOBALROOT\Device\HarddiskVolumeShadowCopy14\
robocopy C:\palaya\Share E:\Share /E /R:1 /W:1
```

14 என்பது பட்டியலில் அந்த மதியக் கொப்பிக்கு இருந்த எண், உங்களுக்கு வேறாக இருக்கும். முதல் வரியின் கடைசியில் உள்ள சாய்கோட்டை விட்டால் போல்டர் திறக்காது. நான் முதல் தடவை இதிலேயே ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்திருக்கிறேன்.

எடுத்த பிறகு புதிய பின்னொட்டு உள்ள பைல் ஏதும் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. எண்ணிக்கை சரி என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு போல்டரிலும் நாலைந்தைத் திறந்தும் பார்த்தேன். எல்லாம் திறந்தன, கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பைத் தவிர. மதியம் 12 மணிக்கு அதில் யாரோ பதிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கொப்பி எடுத்தால் அது பாதி எழுதிய நிலையில் விழலாம்.

அதற்குக் கைகொடுத்தது முதலாளி வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குக் கொண்டுபோகும் 2 டிபி டிஸ்க். அதை அந்தக் கந்தோர்க் கணினி எதிலும் செருகவில்லை. லினக்ஸ் போட்ட என் லப்டொப்பில் திறந்து, திகதியைப் பார்த்து, தரவுக் கோப்பை மட்டும் பிரதி எடுத்தேன். திங்கள், செவ்வாய்ப் பதிவுகளைக் கடதாசிப் பில்லைப் பார்த்து இரண்டு பேர் புதன் முழுக்கத் திரும்பத் தட்டினார்கள். இழப்பு அவ்வளவுதான்.

தெகிவளை, ஓய்வுபெற்றவர்: என் பேரன் கைத்தொலைபேசியில் இருந்த படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டான். இந்த ஷடோ முறை அதுக்கும் சரிவருமா?

இது வேறு விஷயம் ஐயா, ஷடோ கொப்பி விண்டோஸ் கணினியில் மட்டும்தான். போனின் படச் செயலியில் அழித்தவை போகும் குப்பைக் கூடை இருக்கும், முதலில் அங்கே பாருங்கள்.

பம்பலப்பிட்டி, அச்சகம் வைத்திருப்பவர்: என்னிடமும் வெளி டிஸ்கில் பக்கப் இருக்கிறது, எப்போதும் கணினியில் செருகியே இருக்கும். அதுவும் பூட்டுப்பட்டுவிட்டது. ஒரு கடையில் ஒரு இலட்சம் தந்தால் திறந்து தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

செருகியே இருந்தால் வைரஸுக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் gov.lk மின்னஞ்சல்களுக்கும் ஏறக்குறைய இதே கதி. இணைப்பில் இருந்த பக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் திரும்பவில்லை.

கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வைரஸ், எந்த முறையால் திறப்பீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால், உங்கள் காசில் ஒரு பங்கைக் கள்ளனுக்கே அனுப்பிச் சாவி வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சாவி உண்மையிலேயே வெளிவந்திருந்தால் அது பெரும்பாலும் No More Ransom தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பூட்டிய பைல் ஒன்றையும் மிரட்டல் கடிதத்தையும் அங்கே போட்டுப் பாருங்கள். OneDrive வைத்திருக்கிறீர்களா? கட்டணக் கணக்கென்றால் கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நாளுக்கு முழுவதையும் பின்னோக்கித் திருப்பலாம்.

கொழும்பு 7, பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர்: டீச்சரை அணைக்கச் சொன்னது பிழை. சாவி நினைவகத்தில் இருக்கலாம், அணைத்தால் அது போய்விடும். 2017 இல் பரவிய வனாக்ரை ரான்சம்வேரில் அணைக்காத கணினிகளில் இருந்து சாவி எடுத்தார்களே?

எடுத்தார்கள், மறுக்கவில்லை. அணைக்காமலும், அந்த நினைவக இடத்தின் மேல் வேறெதுவும் எழுதப்படாமலும் இருந்த சில கணினிகளில் அது நடந்தது. நினைவகத்தைப் பிரதி எடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. டீச்சரின் வீட்டில் அப்படி யாரும் இல்லை, ஓட விட்டால் மிச்சமும் போகும். அங்கே அணைப்பதையே நான் சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

வெள்ளவத்தை ஆசிரியை, மறுபடி: அண்ணா, பார்த்தோம். என் லப்டொப்பின் C: க்கு இரண்டு கொப்பி காட்டுகிறது. D: க்கு ஒன்றும் இல்லை. வினாத்தாள்கள் எல்லாம் D: இல்.

ம். அப்போ நீங்கள் No தான் அழுத்தியிருக்கிறீர்கள். D: க்கு விண்டோஸ் தானாகக் கொப்பி எடுப்பதில்லை, யாராவது இயக்கியிருக்க வேண்டும். C: இல் Desktop, Downloads போல்டர்களை அந்தக் கொப்பிகளில் இருந்து வேறு டிஸ்குக்கு எடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் அங்கே சேமித்த வினாத்தாள்கள் சில கிடைக்கலாம். மாணவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியவற்றையும் தேடுங்கள்.

D: யைத் துடைக்க வேண்டாம். `_readme.txt` இல் உங்களுக்கென்று ஒரு நீண்ட எண் இருக்கும். அது `t1` என்று முடிந்தால், இணையம் கிடைக்காதபோது பலருக்கும் பொதுவாகப் பாவிக்கும் சாவியால் பூட்டியிருக்கிறது. அந்தச் சாவி கிடைத்திருந்தால் Emsisoft என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவசக் கருவி திறக்கும். வேறு எழுத்தில் முடிந்தால் இப்போதைக்கு வழி இல்லை. எப்படியானாலும் இந்த வைரஸ் ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டும்தான் பூட்டுகிறது. பாட வீடியோக்கள் இருந்தால் அவற்றைப் பழுதுபார்க்கும் மென்பொருளால் ஓரளவு எடுக்கலாம். சின்ன வேர்ட் பைல்களில் மிச்சம் இருக்காது. அந்த எண்ணின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் இங்கே எழுதுங்கள்.