பச்சைத்திரை முன் நிற்பவர் எங்கே பார்க்க வேண்டும்: கேள்வி பதில்

பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை எடுத்து, துணி இருக்குமிடத்தில் பிறகு வேறு படத்தைச் சேர்ப்பதுதான் பச்சைத்திரைக் காணொளி. அதற்கு ஸ்கிரிப்ட் எழுதுவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி கண் பார்வையைப் பற்றியே இருந்ததால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஈசூனிலிருந்து ஓர் அக்கா: "தைப்பூச ஊர்வல வழியைக் காட்டி மூன்று நிமிடக் காணொளி செய்கிறோம். பேசுபவர் முன்னால், வரைபடம் பின்னால். வசனம் எழுதியாச்சு. இனி என்ன எழுத வேண்டும்?"

வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் அக்கா, முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். ஊர்வலம் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் முடிகிறது, அதாவது வரைபடத்தில் மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்கு வருகிறது. பேசுபவர் படத்தின் இடப்பக்கம் நின்றால் டேங்க் ரோடு மறைந்துபோகும், வலப்பக்கம் நின்றால் பெருமாள் கோயில் மறைந்துபோகும். அதனால் வரைபடத்தை முழுத்திரைக்கு விரிக்காமல், படத்தின் வலப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு பலகை மாதிரி வையுங்கள். பேசுபவர் மிச்சமுள்ள இடது பங்கில், இடுப்பு வரை தெரிய நிற்கட்டும். கால் தெரிந்தால் தரையில் நிழல் விழ வேண்டும், அது தனி வேலை.

இது முடிவான பிறகு ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே மூன்று குறிப்பு எழுதுங்கள். அதில் குறி என்பது, பேசுபவர் பார்ப்பதற்காக நாம் ஒட்டிவைக்கும் டேப் துண்டு. உங்கள் நான்காவது வரி இப்படி இருக்கலாம்:

*நிற்குமிடம்: படத்தின் இடது பங்கு, உடல் வரைபடத்தின் பக்கம் லேசாகத் திரும்பி.*
*பின்னணி: மங்கலான வீதி, வலப்பக்கம் வரைபடப் பலகை, பெருமாள் கோயில் புள்ளி ஒளிர்கிறது.*
*கண், கை: முதலில் மேல் குறி, பிறகு பேசுபவரின் இடது கை, "டேங்க் ரோடு" என்பதற்குச் சற்று முன் கீழ்க்குறி, கடைசிச் சொல்லுக்கு லென்ஸ்.*
*வசனம்: "இங்கே பெருமாள் கோயிலில் கிளம்பி, இறங்கி இறங்கி டேங்க் ரோடு வரைக்கும் நடக்கிறோம்."*

"இடது" என்று மட்டும் எழுதவே வேண்டாம். "படத்தின் இடது" அல்லது "பேசுபவரின் இடது" என்று முழுதாக எழுதுங்கள். ஒருமுறை நான் வெறுமனே "இடப்பக்கம் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன், பேசியவர் தன் இடதைப் பார்த்தார், வரைபடத்தைப் படத்தின் இடதில் வைக்க ஏற்பாடு. காலை முழுக்க எடுத்ததை மதியம் திரும்ப எடுத்தோம்.

பாலிடெக்னிக் மாணவர்: "அண்ணே, பக்கத்தில் ஒரு மானிட்டர் வைத்து வரைபடத்தோடு சேர்த்த படத்தை அவருக்கே காட்டிவிட்டால் போதுமே? வானிலை அறிவிப்பில் அப்படித்தான் செய்கிறார்கள்."

பாதி சரி தம்பி. கைக்கு மானிட்டர் ரொம்ப உதவும். இடவலம் மாற்றி, கண்ணாடி போலக் காட்டினால் கை தடுமாறாது. ஆனால் கண் மானிட்டருக்குத்தான் போகும், பார்ப்பவருக்கோ அவர் வரைபடத்தைத் தாண்டி வேறெதையோ பார்ப்பது போல இருக்கும். வானிலை அறிவிப்பாளர்கள் தினமும் செய்து பழகியவர்கள், ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். புதிதாக நிற்பவர் மானிட்டரிலேயே ஒட்டிக்கொள்வார். அதனால் ஒத்திகையில் மானிட்டர் இருக்கட்டும், எடுக்கும்போது அணைத்துவிட்டுக் குறியை நம்புங்கள்.

செங்காங் வாசகி: "குறி குறி என்கிறீர்களே, அதை எங்கே ஒட்டுவது? பச்சைத் துணியில் ஒட்டினால் படத்தில் தெரியாதா?"

துணியில் ஒட்டாதீர்கள். தெரியும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. துணி அவருக்குப் பின்னால் இருக்கிறது, அதைப் பார்க்கத் திரும்பினால் நமக்குக் காது மட்டும்தான் தெரியும். தனக்கு நேர் பக்கவாட்டில் பார்த்தாலும் பாதி முகம்தான் கிடைக்கும். ஒரு விளக்குத் தாங்கியை எடுத்து, அவரின் இடப்பக்கம், கேமராவை நோக்கிச் சற்று முன்னால் தள்ளி வையுங்கள். அப்போது இரண்டு கண்ணும் தெரியும், பார்வை வரைபடத்தின் பக்கம் போவதாகவும் இருக்கும். தாங்கி படத்துக்குள் வந்தால் அதே பார்வைக் கோட்டில் இன்னும் தள்ளி வைத்துப் படத்துக்கு வெளியே கொண்டுபோய்விடலாம். கோட்டில் எங்கே இருந்தாலும் கண் திரும்பும் திசை ஒன்றுதான்.

தாங்கியில் மூன்று டேப் துண்டு ஒட்டுங்கள். பெருமாள் கோயிலுக்குக் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒன்று, டேங்க் ரோட்டுக்கு நெஞ்சு மட்டத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. சரியா என்று பார்க்க, பத்து நொடி எடுத்து, வரைபடத்தை அதன்மேல் வைத்து, ஒலியை அணைத்துவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரிடம் "இவர் எந்த இடத்தைப் பார்க்கிறார்?" என்று கேளுங்கள். கோயில் புள்ளியைத் தொட்டுக் காட்டினால் சரி. கொஞ்சம் தயங்கினாலும் டேப்பை நகர்த்துங்கள்.

வரிசை முக்கியம்: கண் முதலில் போகும், கை பின்னால் வரும், அப்புறம்தான் சொல். மூன்றும் ஒரே நேரத்தில் போனால் மனப்பாடம் செய்தது போலிருக்கும். இன்னொன்று, கேமராவுக்குப் பக்கத்தில் தாளை ஒட்டி வாசிக்காதீர்கள். சாதாரணக் காணொளியில் கண் கொஞ்சம் விலகினால் பரவாயில்லை, இங்கே விலகும் ஒவ்வொரு முறையும் "அங்கே ஏதோ காட்டுகிறார்" என்று பார்ப்பவர் தேடுவார்.

தேக்கா பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர்: "ஜூமில் எனக்குப் பின்னணி போட்டால் காது மறைகிறது, முடி பிய்கிறது. அதுக்கு என்ன செய்வது?"

நாங்கள் பேசுவது வேறு அண்ணே, ஆனாலும் சொல்கிறேன். துணி இல்லாமல் மென்பொருள் ஊகித்து வெட்டுகிறது, அதனால் ஓரம் பிய்கிறது. பின்னால் சுருக்கமில்லாத பச்சைத் துணி கட்டி, அதில் வெளிச்சம் சமமாக விழச்செய்து, அமைப்பில் பச்சைத்திரை இருப்பதாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மீண்டும் ஈசூன் அக்கா: "பின்னணிக்குச் சிராங்கூன் சாலையை நாங்களே படம் பிடித்தோம், மேம்பாலத்திலிருந்து. சேர்த்துப் பார்த்தால் ஆள் மிதக்கிறார். ஏன்?"

மேம்பாலம்தான் காரணம். தெருவைக் கீழ்நோக்கிப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள், ஆளை நெஞ்சு மட்டத்தில் நேராக எடுத்திருக்கிறீர்கள். ஆள் ஒரு கண்ணுக்கு, தெரு இன்னொரு கண்ணுக்கு. லென்ஸ் தரையிலிருந்து 140 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் பின்னணியையும் 140-இல், சாய்க்காமல், அதே லென்ஸில் எடுங்கள். இதைப் பின்னணிக் குறிப்பில் எழுதிவைத்தால் படம் பிடிக்கப் போகிறவர் கேட்கவே வேண்டியதில்லை.

நேரத்தையும் எழுதுங்கள். நம்மூர் நண்பகல் வெயில் உச்சந்தலையிலிருந்து இறங்கும், அறையில் உங்கள் விளக்கோ முன்னாலிருந்து அடிக்கிறது. மேகமூட்டமான காலையில் எடுத்த தெரு அறை வெளிச்சத்தோடு எளிதாகச் சேரும்.

சுவா சூ காங் அம்மா: "எங்கள் வீவக வீட்டு ஹாலில் துணிக்கும் மகளுக்கும் ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை. பச்சைக் கரை பட்டுப்பாவாடை வேறு. போன முறை கரை முழுக்கத் தெரு தெரிந்தது."

கரை போனது பாவாடையின் நிறத்தால்தான், துணியும் கரையும் ஒரே பச்சை. அதைத் தவிர்க்க நீலத் துணிக்கு மாறலாம், உடையில் நீலம் இல்லை என்றால். இடைவெளி குறைவு என்பது வேறு பிரச்சினை: துணியிலிருந்து பச்சை வெளிச்சம் தோளிலும் சரிகையிலும் தெறிக்கும். இரண்டு மீட்டர் கிடைத்தால் நிம்மதி. ஹாலின் நீளம் முடியும் சுவரில் துணியைக் கட்டி, சோபாவை நகர்த்திப் பாருங்கள். வாழையிலை, மாவிலைத் தோரணம் எதுவும் கையில் வேண்டாம் என்று ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர்: "கடைசியா ஒண்ணு அண்ணே. கை வரைபடத்தைத் தொடணுமா, அல்லது பக்கத்திலேயே நிற்கணுமா?"

தொடுவது போல எடுத்தால் அழகு, ஆனால் எடிட்டிங்கில் வரைபடம் சிறிது நகர்ந்தாலும் விரல் தப்பான தெருவில் நிற்கும். நான் உள்ளங்கையைத் திறந்து புள்ளியின் பக்கம் நீட்டச் சொல்வேன். என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பர் விரல் தொடவே வேண்டும் என்கிறார், அதற்காக வரைபடத்தை முன்பே பூட்டிவிடுகிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நீட்டிய கை துணியின் ஓரத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் ஒத்திகையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. துணி முடியுமிடத்தில் விரலுக்குப் பின்னால் உங்கள் வீட்டுச் சுவர்தான் வரும்.