பலகையில் மூடைக்கணக்கு, கிடங்கில் குறுணல்

வணக்கம் சேர்,
சம்மாந்துறையில் எங்கள் அரிசி மில்லில் ஒவ்வொரு ஷிப்டும் அரைத்த நெல்லைப் பலகையில் எழுதி, கூட அரைத்தவர்களுக்குப் போனஸ் கொடுக்கிறோம். 5 தொன் அரைத்த ஷிப்டு இப்போது 6 தொன் அரைக்கிறது. ஆனால் இலாபம் இறங்கிவிட்டது. பொடியன்கள் ஏமாற்றுகிறார்களா?
— ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

அவர்கள் ஏமாற்றவில்லை. பலகை கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள். பச்சை அரிசி மில்லில் காசு தருவது முழு அரிசி. அதை உங்கள் பலகை கேட்கவேயில்லை.

விலைகளை உதாரணத்துக்கு வைத்துப் பார்ப்போம்: நெல் கிலோ 100 ரூபா, முழு அரிசி 200, குறுணல் 100. நிதானமாக அரைத்த ஒரு தொன்னில் 520 கிலோ முழு அரிசியும் 130 கிலோ குறுணலும் வந்தால் வரவு 117,000 ரூபா. நெல் விலை போக மிச்சம் 17,000. அவசரத்தில் முழு அரிசி 420 கிலோவாகவும் குறுணல் 220 கிலோவாகவும் மாறினால் வரவு 106,000, மிச்சம் 6,000. அப்படியென்றால் 5 தொன்னில் 85,000 மிஞ்சிய ஷிப்டில், 6 தொன் அரைத்தும் 36,000தான் மிஞ்சும். கூலியும் கரண்டும் இதிலிருந்துதான் போகவேண்டும்.

அரிசி உடைவது பெரும்பாலும் மெஷினுக்கு வரமுன்னமே தொடங்கிவிடுகிறது. களத்தில் உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பி வேகமாகக் காயவைத்தால் மணியின் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து உள்ளே வெடிப்பு விழும். அதை ஆறப்போடாமல் உடனே அரைத்தால் வெடித்த இடத்திலேயே முறியும். ஈரப்பதம் 13 முதல் 14 சதவீதத்துக்கு வந்து, உள்ளும் வெளியும் ஒன்றாகும்வரை நெல் கிடக்கவேண்டும். மூடையை எண்ணும் பலகைக்கு இந்தக் காத்திருப்பு வெறும் நட்டம். அதோடு நெல்லை அதிகமாக உள்ளே விட்டால் உமி போகாத நெல் கலந்து வரும். அதைச் சரிக்கட்டத் தீட்டும் மெஷினை இறுக்குவார்கள். அங்கே மிச்சமும் உடையும்.

மணிக்கு ஒருக்கா, வெளிவரும் அரிசியில் 100 கிராம் எடுங்கள். மணியின் முக்கால் நீளத்துக்குக் குறைந்ததைக் கையால் பொறுக்கிச் சிறு தராசில் நிறுங்கள். மேலே சொன்ன நிதான அரைப்பில் அது 20 கிராம், அவசர அரைப்பில் 34. இந்த மாதிரியை அரைத்தவரே எடுக்கக்கூடாது.

இந்த எண்ணைத் தனியே நம்பினால் அதுவும் ஏய்க்கும். குறுணலைக் குறைக்க அரைகுறையாகத் தீட்டி மங்கலான அரிசியை விடலாம். ஆகவே நீங்கள் விற்கும் தரத்து அரிசியில் ஒரு கைப்பிடியைப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். நெல்லின் இனத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள். வயலிலேயே வெடித்து வந்த நெல்லுக்கு ஷிப்டுக்காரரைக் குற்றம் சொல்வது அநியாயம். புழுங்கல் இயல்பாகவே குறைவாக உடையும். அதைப் பச்சையோடு ஒரே பலகையில் ஒப்பிடவேண்டாம்.

மூடைக்கணக்கையும் விட்டுவிடாதீர்கள், லொறிக்குச் சொல்லிவைக்க அது வேண்டும். போனஸை மட்டும் அதிலிருந்து எடுத்து, ஒரு தொன் நெல்லுக்கு எத்தனை கிலோ முழு அரிசி என்பதற்குக் கொடுங்கள். காயவைப்பவர்களுக்கும் அதில் பங்கு இருக்கவேண்டும், உடைவில் ஒரு பங்கு அவர்கள் களத்தில்தான் தீர்மானமாகிறது.