இந்தோனேசிய ஒப்பந்தத்தில் ‘ஷல்’, ‘மே’: எந்த இடத்தில் எந்தச் சொல்?

ஜகார்த்தாவில் ஆங்கில ஒப்பந்தங்களை இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. ஆங்கிலத்தின் ‘ஷல்’, ‘மே’ என்ற இரண்டு சொற்களை எப்படி மாற்றுவது என்று இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

“அக்கா, ஷல் வந்தால் ‘வாஜிப்’, மே வந்தால் ‘டாப்பாட்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். வரிக்கு வரி அப்படியே போடலாம்தானே?” (இந்தத் தொழிலுக்குப் புதியவர்)

பாதி தூரம் சரியாக வந்திருக்கிறீர்கள், தம்பி. ‘விற்பவர் ஷல் டெலிவர்’ என்று ஒரு தரப்பின் தலையில் கடமை ஏறினால் ‘வாஜிப்’ சரிதான். தமிழ் முஸ்லிம்கள் வாஜிபு என்று சொல்வதும் இதே அரபுச் சொல்லைத்தான். செய்யாவிட்டால் பொறுப்பு வந்து சேரும் என்ற கனம் அதில் இருக்கிறது.

ஆனால் ஷல் எல்லாமே கடமை அல்ல. வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். ‘இந்த ஒப்பந்தம் ஷல் பி கவர்ன்ட் பை இந்தோனேசியச் சட்டம்’ என்றால், ஒப்பந்தம் என்கிற தாளுக்கு என்ன கடமை இருக்க முடியும்? அங்கே ஷல்லை விட்டுவிட்டு ‘துண்டுக் பாடா’, அதாவது ‘உட்பட்டது’ என்று எழுதினால் முடிந்தது. ‘அறிவிப்பு ஷல் பி டீம்ட் ரிசீவ்ட்’ என்பதும் அப்படித்தான். ‘டியாங்காப்’, ‘கிடைத்ததாகக் கருதப்படும்’. இதில் வாஜிப்பை நுழைத்தால் ‘கிடைத்ததாகக் கருதுவது கடமை’ என்றாகி, யாருடைய கடமை என்ற வீண் கேள்வி எழும்.

மே சொல்லிலும் இரண்டு உண்டு. தமிழில் ‘வரலாம்’ என்றால் அனுமதியும் உண்டு, வாய்ப்பும் உண்டு. ‘வாங்குபவர் மே ரிஜெக்ட்’ என்பது உரிமை. நான் அதற்கு ‘பெர்ஹாக்’ போடுவேன். ‘லாஸ் தட் மே அக்கர்’, அதாவது ஏற்படக்கூடிய நஷ்டம் என்பது வாய்ப்பு, அதற்கு ‘முங்கின்’. ‘முடியும்’ என்று பொருள் தரும் ‘டாப்பாட்’ இரண்டுக்கும் பொருந்துவதுபோல் தெரியும், அதனாலேயே கவனம் வேண்டும்.

“நான் கோவையில் மரச்சாமான் வியாபாரம் செய்கிறேன். இந்தோனேசியாவின் ஜெப்பாராவிலிருந்து தேக்கு நாற்காலி வாங்கினேன். சிலவற்றில் விரிசல். நான் 7 நாளைக்குள் எழுதித் தெரிவிக்கவில்லையாம், அதனால் ஒப்பந்தத்தை மீறியவன் நான்தானாம். மாற்றித் தர மாட்டோம், சோதனைச் செலவையும் கொடு என்கிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லையே?”

அண்ணே, நீங்கள் அனுப்பிய இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே வாக்கியம், அதில் இரண்டு ஷல். பழுதான பொருளை விற்பவர் மாற்றித் தர வேண்டும். ஆனால் வாங்குபவர் சரக்கு வந்த 7 நாளைக்குள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

முதல் ஷல் விற்பவரின் கடமை. இரண்டாவது, நீங்கள் மாற்றுப் பொருள் பெறுவதற்கான நிபந்தனை. தெரிவிக்காவிட்டால் மாற்றுப் பொருள் கேட்கும் வாய்ப்பை இழப்பீர்கள், அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் இரண்டுக்கும் ‘வாஜிப்’ போட்டுவிட்டார். அதனால் இந்தோனேசியப் பிரதியில் தெரிவிப்பது உங்கள் கடமையாகிவிட்டது. கடமையை நிறைவேற்றாதது ‘வான்பிரெஸ்தாசி’. அதைப் பிடித்துக்கொண்டு இழப்பீடு கேட்க வழி திறக்கிறது. சோதனைச் செலவைக் கேட்பது அந்த வாசல் வழியாகத்தான்.

முதலாவதற்கு ‘வாஜிப்’, இரண்டாவதற்கு ‘ஹாருஸ்’ என்று இருந்திருக்க வேண்டும். நானாக இருந்தால் ‘ஹாருஸ்’கூட வேண்டாம் என்று ‘டெங்கான் ஷாராட்’ என எழுதியிருப்பேன். நம் பத்திரங்களில் வரும் ‘ஷரத்து’தான் இந்த ‘ஷாராட்’. நிபந்தனை என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரியும்.

இந்தப் பிரிப்பு நானாகச் சொல்வதல்ல. சட்டம் இயற்றுவது பற்றிய 2011-ஆம் ஆண்டின் 12-ஆம் எண் சட்டத்துக்கு ஒரு இணைப்பு உண்டு. கடமைக்கு ‘வாஜிப்’, மீறினால் தண்டனை; நிபந்தனைக்கு ‘ஹாருஸ்’, நிறைவேற்றாவிட்டால் கிடைக்க வேண்டியது கிடைக்காது; விருப்புரிமைக்கு ‘டாப்பாட்’; தடைக்கு ‘டிலாராங்’ என்று அதில் வகுத்திருக்கிறார்கள். அது சட்டங்களை எழுதுவோருக்கான விதி, தனியார் ஒப்பந்தத்தைக் கட்டாது. ஆனாலும் அங்குள்ள வக்கீல்கள் படித்துப் பழகியது அதுதான். உங்கள் வக்கீலிடம் ஆங்கில வாக்கியத்தையும் காட்டுங்கள். இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் எந்தப் பிரதி மேலோங்கும் என்று கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

“மேலோங்குவது ஆங்கிலம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே. இந்தோனேசியப் பிரதி எதற்கு?”

இந்தோனேசிய நிறுவனமோ குடிமகனோ ஒரு தரப்பாக இருந்தால் இந்தோனேசிய மொழியைப் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்றை மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்றது. எந்த மொழி மேலோங்கும் என்பதைத் தரப்புகள் பேசி முடிவு செய்யலாம், 2019-ஆம் ஆண்டின் அதிபர் ஆணை அதற்கு இடம் தருகிறது. ஆனால் கிடங்கிலும் கணக்குப் பிரிவிலும் தினமும் எடுத்துப் படிப்பது இந்தோனேசியப் பத்தியைத்தான். தகராறு பிறப்பது அங்கே.

“ஈப்போவில் இருக்கிறேன், மலாய் நன்றாகத் தெரியும். ஷல்லுக்கு ‘ஹெண்டாக்லா’, மேக்கு ‘போலெஹ்’ போட்டுக் கொடுத்தால் ஜகார்த்தாவில் புரியாதா?”

புரியும், ஆனால் வேறாகப் புரியும். மலேசியச் சட்டங்களில் ‘ஹெண்டாக்லா’ கட்டளை. இந்தோனேசிய வாசகருக்கு அது ‘செய்தால் நல்லது’ என்ற அறிவுரையின் தொனி. பணம் கட்டும் ஷரத்தில் அந்தத் தொனி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ‘போலெஹ்’ அங்கே பேச்சு வழக்கில் தரும் அனுமதிபோல ஒலிக்கும். உரிமைக்கு ‘பெர்ஹாக்’ (நம் ‘ஹக்கு’ இருக்கிறதே, அதே வேர்), விருப்புரிமைக்கு ‘டாப்பாட்’ என்று போங்கள். ‘தீடாக் போலெஹ்’ மட்டும் இரு பக்கமும் தடைதான், அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

“‘ஷல் நாட் டிஸ்க்ளோஸ்’ என்பதற்கு ‘தீடாக் வாஜிப்’ என்று எழுதினேன். சரிபார்த்தவர் பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். ஏன் அக்கா?” (சட்டக் கல்லூரி மாணவி)

நீ எழுதியதைத் தமிழில் சொல்லிப் பாரம்மா: ‘வெளியிட வேண்டியதில்லை’. ஆங்கிலம் சொன்னது ‘வெளியிடக் கூடாது’. ரகசியக் காப்பு ஷரத்து அப்படியே தலைகீழாகிவிட்டது. இஷ்டம் இருந்தால் வெளியிடலாம் என்று ஆகிவிட்டது. தடைக்கு ‘டிலாராங்’ அல்லது ‘தீடாக் போலெஹ்’. ‘தீடாக் வாஜிப்’ வர வேண்டிய இடம் ‘ஷல் நாட் பி ரிக்வயர்ட்’ மட்டும்.

ஒப்பந்த உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது பற்றி ‘மே நாட் அசைன்’ வந்தாலும் இதே எச்சரிக்கை. ‘தீடாக் டாப்பாட்’ போட்டால் ‘முடியாது’, மாற்றிக் கொடுத்தாலும் செல்லாது என்ற சாயல் வரும். ‘தீடாக் போலெஹ்’ போட்டால் ‘கூடாது’, கொடுத்தால் மீறல். ஆங்கிலத்தை எழுதியவர் எதை நினைத்தார் என்று அவரிடமே கேட்டுவிடு. நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

“எங்கள் அலுவலகத்தில் 20 வருஷமாக எல்லா ஷல்லுக்கும் ‘ஆக்கான்’தான். ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. சிவில் சட்டத் தொகுப்பின் 1343-ஆம் பிரிவு, தரப்புகளின் நோக்கத்தைப் பார் என்கிறதே.” (ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளர்)

ஐயா, 1343 பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு முந்தைய 1342, சொற்கள் தெளிவாக இருந்தால் விளக்கம் சொல்லி விலகக் கூடாது என்கிறது. ‘ஆக்கான்’ எதிர்காலத்தைச் சொல்கிறது: ‘கட்டுவார்’. அது தெளிவான கடமையா, வெறும் எண்ணமா என்று வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கிடைக்கிறது. ஒப்பந்தத்தின் மற்ற பகுதிகள் கடமையை உறுதி செய்தால் நீதிபதி உங்கள் பக்கம் நிற்கலாம், மறுக்கவில்லை. பணம், தேதி, ரகசியம் மூன்றிலும் நான் ‘ஆக்கான்’ எழுத மாட்டேன். மற்ற இடங்களில் உங்கள் வழக்கத்தைத் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்றே நினைக்கிறேன்.