அரை இன்ச் எல்போ என்றால் எந்த எல்போ? ஆன்லைன் கேட்லாக் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களின் கேள்விகள்

கேள்வி (மண்ணடிக் கடை கவுண்டரில் நின்றவர்): அண்ணே, பிளம்பர் வந்து "அரை இன்ச் எல்போ குடு"ன்னுதான் கேப்பாரு. நாம ஏன் தலைப்புல மி.மீ. போடணும்?

பதில்: கவுண்டரில் நீங்கள் "சிபிவிசியா, பிவிசியா, ஜிஐயா?" என்று திருப்பிக் கேட்பீர்கள். திரையில் கேட்க ஆள் இல்லை. அரை இன்ச் சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 15.9 மி.மீ.; அரை இன்ச் ஜிஐ குழாய்க்கு 21.3. ஒன்றின் எல்போ மற்றதில் ஏறாது. அதனால் தலைப்பில் பொருள் முதலில், அளவு பிறகு: "சிபிவிசி எல்போ 90°, 15 மி.மீ., ஒட்டும் வகை". "அரை இன்ச்" என்பதைத் தேடுசொல் கட்டத்தில் போடுங்கள். அங்கே இன்ச்சுக்குப் போடும் `"` குறி வேண்டாம், எழுத்தாகவே எழுதுங்கள். சிஎஸ்வி கோப்பில் அந்தக் குறி வரியையே உடைத்துவிடலாம்.

கேள்வி (கல்லூரி முடித்து வந்தவர்): அப்போ எல்லாத்துக்கும் மி.மீ. போட்டுட்டா குழப்பம் தீர்ந்துச்சுல்ல?

பதில்: பாதிதான் தீரும். 20 மி.மீ. சிபிவிசி என்பது முக்கால் இன்ச், வெளிவிட்டம் 22.2. விவசாயத்துக்குப் போகும் 20 மி.மீ. பிவிசி குழாயில் வெளிவிட்டமே 20. எழுத்தில் இரண்டும் ஒன்று, கையில் வேறு. அதனால் விவரத்தின் முதல் வரியில் வெளிவிட்டம் வர வேண்டும். சந்தேகம் வந்தால் கிடங்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெர்னியரில் அளந்து பாருங்கள். பில்லை நம்பாதீர்கள், அதில் எழுதுபவருக்கும் இதே குழப்பம்தான்.

கேள்வி (கிடங்கிலிருந்து மாறி வந்தவர்): எங்க வீட்டு மாடி டேங்க் குழாய் லீக் ஆகுது. "லீக் புரூஃப்"னு போட்டதைத்தான் வாங்கினேன்.

பதில்: கேள்வி அது இல்லை, ஆனாலும் நல்ல உதாரணம். கசிவு பெரும்பாலும் ஒட்டிய இடத்தில் வரும். ஃபிட்டிங்கை விற்பவர் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. அதனால் "லீக் ஆகாது", "உடையாது", "வாழ்நாள் உழைக்கும்" மூன்றும் தடை. "ஹெவி" என்றால் எவ்வளவு? சுவர் தடிமனை எழுதுங்கள். பொட்டலப் பொருளின் நிகர அளவில் "சுமார்", "குறைந்தது" கூடாது. அது சட்ட அளவியல் விதி, நம் விருப்பம் இல்லை. "ஐஎஸ்ஐ" என்று எழுத, பொருளில் முத்திரையும் CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிவிசி, சிபிவிசி இரண்டில் "சுடுநீருக்கு" என்ற சொல் சிபிவிசிக்கு மட்டும். சாதாரண பிவிசிக்குத் தவறிக்கூட வேண்டாம்.

கேள்வி (முன்பு வேறு கம்பெனியில் கேட்லாக் எழுதியவர்): "எல்போ"வா, "முழங்கை"யா? நடை எப்படி?

பதில்: எல்போ. "முழங்கை" என்று யார் தேடப் போகிறார்கள்? நடை, பிளம்பரிடம் போனில் சொல்வதுபோல: எதில் பொருந்தும், எதில் பொருந்தாது. "வாங்கி மகிழுங்கள்" எல்லாம் வேண்டாம்.

கேள்வி (அதே கவுண்டர்காரர்): இருந்தாலும் தலைப்புலயே "அரை இன்ச்"னு இருந்தா நல்லாருக்கும்ணே.

பதில்: அளவை மெட்ரிக்கில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பக்கத்தில் இன்ச்சும் சேர்க்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. இப்போதைக்குத் தேடுசொல் கட்டத்தோடு நிறுத்துங்கள்.